இங்கிலீஷ் மெயில் விறைப்பா இருக்கா?

டீம் லீடுக்கு இப்படி டைப் பண்றீங்க: “ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் த மீட்டிங். ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் டுமாரோ.” இலக்கணம் சரிதான். ஆனா, கோர்ட் நோட்டீஸ் வாசனை அடிக்குதே!

முதல்ல வினைச்சொல்லை மாத்துங்க. ‘சப்மிட்’டுக்கு ‘செண்ட்’ போதும். அடுத்து, ‘ஐ வில்’லை ‘ஐ’ல்’ ஆக்குங்க. இப்போ படிங்க: “ஐ கான்ட் மேக் த மீட்டிங். ஐ’ல் செண்ட் த ரிப்போர்ட் டுமாரோ.” பேசுற மாதிரியே இருக்கும்.

ரெண்டு இடத்துல மட்டும் சுருக்காதீங்க. வாக்கியத்தின் கடைசியில “யெஸ், ஐ’ம்” என்பது தப்பு. “யெஸ், ஐ ஆம்”தான் சரி. கண்டிப்பா எச்சரிக்கும்போது “டு நாட் ஷேர் த பாஸ்வேர்டு” என முழுசாவே எழுதுங்க. அந்த ‘நாட்’ பளிச்னு தெரியணும்.