எச்சத்துக்கு வேறு அட்டவணை: நீண்டகால உறவை நிறுவுவதில் ஒரு விடுபடல்

இரண்டு பொருளாதாரக் காலத்தொடர்களுக்கு இடையே நீண்டகால உறவு இருப்பதாக முடிவு கூறும் கட்டுரைகளில், அம்முடிவைத் தாங்கி நிற்க வேண்டிய சோதனை பல சமயம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. சோதனையின் பெயர் இருக்கும், கிடைத்த மதிப்பு இருக்கும், அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். எந்த எல்லை மதிப்போடு அதை ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் இருக்காது. இந்த விவரம் இல்லாதவரை அந்த உறவு நிறுவப்படவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1866 முதல் 1911 வரையான இறப்பு வீதத்தையும், மொத்தத் திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கையும் யூல் 1926இல் ஒப்பிட்டார். உடன்தொடர்புக் கெழு 0.95. இரண்டும் காலப்போக்கில் சேர்ந்து இறங்கின, அவ்வளவுதான். 1974இல் கிரேஞ்சரும் நியூபோல்டும், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தற்போக்குத் தொடர்களைக் கணினியில் உருவாக்கித் தொடர்புப்போக்கு கண்டபோது, நான்கில் மூன்று தடவை அளவில் ‘உறவு உண்டு’ என்றே வழக்கமான t சோதனை சொன்னது. ஆண்டுகளைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று நம்பவும் வழியில்லை. தரவு நீள நீள t மதிப்பு மேலும் பெருகும் என்று பிலிப்ஸ் 1986இல் நிறுவினார். ஆகவே அலகு மூலம் கொண்ட தொடர்களில் உயர்ந்த R² எதற்கும் சான்றாகாது.

எங்கிள், கிரேஞ்சர் 1987இல் தந்த வழி எளியது. தொடர்புப்போக்கின் எச்சம் நிலைத்தன்மை உடையதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இரு தொடர்களும் கூட்டு ஒருங்கிணைவு கொண்டவை. தவறு நுழைவதும் இங்கேதான்.

இந்தியாவின் ஏற்றுமதியையும் உள்நாட்டு உற்பத்தியையும் 1970-71 முதல் 2019-20 வரை ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ஆண்டுகள். மடக்கை எடுத்து, இரண்டும் I(1) என்று கண்டு, மாறிலியுடன் தொடர்புப்போக்கு கணித்து, எச்சத்தின் மீது டிக்கி-ஃபுல்லர் சோதனை செய்கிறார். மதிப்பு −3.20 என்று வருகிறது. மென்பொருள், எச்சத்தையும் சாதாரணத் தொடராகவே எண்ணி, 5 விழுக்காட்டு எல்லையை −2.92 என்று காட்டும். −3.20 அதைக் கடந்துவிட்டதால் உறவு உண்டு என்று அவர் எழுதுகிறார். ஆனால் இரு மாறிகள் கொண்ட எச்சத்துக்கு, 50 ஆண்டுத் தரவில், மக்கினன் தரும் எல்லை −3.46. அதன்படி உறவுக்குச் சான்றில்லை. எண் ஒன்றே, முடிவு நேர்மாறு.

காரணம் தெளிவானது. எச்சம் நாம் நேரடியாகக் கண்டறிந்த தொடர் அன்று. அதன் வர்க்கக் கூடுதல் எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாகும்படி கெழுக்களைத் தேர்ந்தெடுத்து நாமே உருவாக்கியது. உறவே இல்லாவிட்டாலும், அந்தத் தேர்வினால் அது உள்ளதைவிட நிலைத்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு ஈடுகட்டவே எல்லை இன்னும் கீழே தள்ளி வைக்கப்படுகிறது. மாறிகள் கூடினாலும், காலப்போக்கு உறுப்பைச் சேர்த்தாலும் அது மேலும் கீழிறங்கும். எனவே தரவின் நீளம், மாறிகளின் எண்ணிக்கை, மாறிலியா காலப்போக்கா, பின்னடைவுக் காலங்கள் எத்தனை, அவை எந்த அளவுகோலால் தேர்ந்தவை என்பவை இல்லாமல், −3.20 என்ற எண்ணை வாசகரால் மதிப்பிடவே முடியாது.

மேற்சொன்ன காலப்பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சில் மாற்று வீதம் சந்தைக்கு விடப்பட்டது. இத்தகைய முறிவு ஒன்று இருந்தால், அதன் இருபுறமும் தன் போக்கைச் சுற்றி நிலைத்து நிற்கும் தொடரைக்கூட, அலகு மூலம் கொண்டதென்று டிக்கி-ஃபுல்லர் சோதனை சொல்லக்கூடும் என 1989இல் பெரோன் காட்டினார். எச்சத்திலும் இதுவே நேரலாம். உறவின் மாறிலி 1991இல் இடம் மாறியிருந்தால், உண்மையான உறவையும் சோதனை தவறவிடும். முறிவை அனுமதிக்கும் கிரெகரி-ஹான்சன் சோதனை இதற்கென்றே உள்ளது. அதற்கும் தனி எல்லை மதிப்புகள் உண்டு.

‘எல்லை அணுகுமுறைக்கு அலகு மூலச் சோதனை தேவையில்லை’ என்ற வாதத்தை ஏற்க இயலாது. பெசரான், ஷின், ஸ்மித் 2001இல் தந்த எல்லைகள், I(0), I(1) தொடர்களுக்கு மட்டுமே கணக்கிடப்பட்டவை. I(2) தொடர் ஒன்று நுழைந்தால் அவை பொருந்தா. விலைமட்டத் தொடர்கள் சில காலப்பகுதிகளில் அப்படி நடந்துகொள்வதால், இரண்டாம் வேறுபாடு தேவைப்படவில்லை என்பதையாவது காட்டியாக வேண்டும்.

இதழாசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் நட்சத்திரக் குறியை ஏற்காமல், ஒப்பிட்ட எல்லை மதிப்பையும் அது எடுக்கப்பட்ட அட்டவணையையும் ஒவ்வொரு சோதனைக்கும் எழுதித் தருமாறு கட்டுரையாளரைக் கேட்க வேண்டும்.