பலவீனம் ஒரு பாதையின் இழப்பு, இறுக்கம் இன்னொன்றின் விடுதலை: பக்கவாதக் கையைப் பற்றிய ஒரு வாதம்

வேலூர் மாவட்டத்தில் நரம்பியல் பயில்பவருக்குச் செயலிழந்த கைகளில் இரண்டு வகைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. முதலாவது தொழுநோயாளியின் கை. முழங்கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பு தடித்துப் பழுதடைவதால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிவிடுகின்றன. 1948-இல் பால் பிராண்ட் வேலூரில் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கியது இத்தகைய கைகளுக்காகத்தான்; 1955-இல் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையமும் அதே பணியைத் தொடர்ந்தது. இரண்டாவது பக்கவாதம் கண்டவரின் கை. இதிலும் விரல்கள் மடங்கித்தான் இருக்கின்றன. ஆனால் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். தொழுநோய்க் கையில் விரலிடைத் தசைகள் தேய்ந்து குழி விழுந்து தளர்ந்திருக்கும். பக்கவாதக் கையில் தசை பெரும்பாலும் தேயாமல் இருக்கும். பிரிக்க முயன்றால் எதிர்த்து இறுகும். இரண்டிலும் மனம் நினைத்தபடி விரல் அசைவதில்லை. அப்படியானால் ஒன்று தளர்வதும் மற்றொன்று இறுகுவதும் ஏன்? பாடநூல்கள் பலவும் இதை 'மேல் இயக்க நரம்பணுப் பழுது' என்ற ஒரே சொற்றொடரில் முடித்துவிடுகின்றன. அந்தச் சொற்றொடர் இரண்டு தனித்தனி நிகழ்வுகளை ஒன்றாக்கி மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பலவீனம் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை அறுந்ததால் வருகிறது. இறுக்கமோ, அதே காயத்தில் சேர்ந்து பழுதுபடும் வேறொரு கட்டுப்பாடு நீங்குவதால் வருகிறது.

முதலில் இயக்கப் புறணியின் வரைபடத்தைப் பார்ப்போம். மூளையின் நடுப்பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பில் உடல் தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது: கால் இரு அரைக்கோளங்களுக்கு இடையே உள்முகமாகவும், உடற்பகுதியும் தோளும் உச்சியிலும், கை பக்கவாட்டிலும், முகமும் நாக்கும் அதற்குக் கீழேயும் அமைந்துள்ளன. மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு, உணர்வு மரத்துப்போகாமல் விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று குறித்தார். எட்வின் போல்ட்ரேயுடன் அவர் எழுதிய கட்டுரை 1937-இல் வந்தது. அந்தப் பள்ளியில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். ஆகவே அந்த மருத்துவமனைக்கும் இந்த வரைபடத்துக்கும் இடையே நேரடியான ஆசிரியர்-மாணவர் உறவு உண்டு. அந்த வரைபடத்தில் கைக்கும் முகத்துக்கும் கிடைத்திருக்கும் பரப்பு அவற்றின் அளவுக்கு மிஞ்சியது. தசை எவ்வளவு பெரியது என்பதைவிட, அதை எத்தனை நுட்பமாக அசைக்க வேண்டும் என்பதே அங்கு இடத்தைத் தீர்மானிக்கிறது. இந்தப் படம் இன்று முழுமையாகவே நிற்கிறது என்று சொல்ல முடியாது. 2023-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவன் கார்டன் குழுவினர், கால், கை, முகம் ஆகிய பகுதிகளுக்கு இடையே முழு உடலையும் ஒருங்கிணைக்கும் வேறு பகுதிகள் செருகப்பட்டிருப்பதைக் காட்டினர். எனினும் எந்தத் தமனி அடைத்தால் எந்த உறுப்பு தளரும் என்று கணிக்க பென்ஃபீல்டின் படம் இன்னும் போதுமானது. கை, முகப் பகுதிகளுக்கு நடுப்பெருமூளைத் தமனியும், கால் பகுதிக்கு முன்பெருமூளைத் தமனியும் இரத்தம் தருகின்றன.

இந்தப் புறணியிலிருந்து இறங்கும் இழைகள் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய பத்து இலட்சம். இவை எல்லாம் முதன்மை இயக்கப் புறணியிலிருந்து மட்டும் புறப்படுவதில்லை. முன்னியக்கப் பகுதியிலிருந்தும் இயக்கப் புறணிக்குப் பின்னாலுள்ள உணர்வுப் புறணியிலிருந்தும் கணிசமான பங்கு வருகிறது. இழைகள் ஒன்றுகூடி மூளையின் ஆழத்தில் உட்கூடு எனப்படும் குறுகிய இடைவெளியில் நெருங்கி, மூளைத்தண்டின் முன்புறமாக இறங்கி, முகுளத்தில் பிரமிடு வடிவ மேடுகளாகத் திரள்கின்றன. முகுளத்தின் அடிமட்டத்தில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 75 முதல் 90 விழுக்காடு வரை, எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து தண்டுவடத்தின் பக்கவாட்டில் இறங்குகின்றன. இடது மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வலது கை தளர்வது இந்தக் கடத்தலால்தான். நெற்றித் தசைகளுக்கு மட்டும் இரு அரைக்கோளங்களிலிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் புருவத்தை உயர்த்த முடிகிறது. முக நரம்பே பழுதாகும் வாதத்தில் நெற்றியும் தளரும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து நடப்பதை வரிசையாகக் காண்போம். ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலையில் மேற்தோல் தைக்கும் வலக்கைக்காரர் ஒருவருக்கு இடது நடுப்பெருமூளைத் தமனியின் பரப்பில் அடைப்பு. முதல் நாளில் பேச்சு தடுமாறும். முகமும் கையும் காலைவிட அதிகம் தளரும். தூக்கிவிட்டால் கை துணிபோல விழும்; பெரும்பாலும் முழங்கை அனிச்சை மங்கியிருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் சுத்தியல் தட்டலுக்கு அதே கை துள்ளத் தொடங்கும். சில மாதங்களில் தோள் உடலோடு ஒட்டி, முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் மடங்கிய நிலையில் அமைந்துவிடும். கால் நீண்டு விறைத்து, நடக்கும்போது வெளிவட்டமாகச் சுழலும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தனித்து நகர்ந்தால்தான் ஊசிக்கடியில் தோலைத் திருப்ப முடியும். அந்த நகர்வு திரும்பாமல் போகலாம். பல மாதம் கழித்து அவர் கையை முழுதாக மூடிக்கொள்ளக் கற்றுவிட்டாலும், ஒரு விரலை மட்டும் உயர்த்தச் சொன்னால் எல்லா விரல்களும் ஒன்றாக எழும்.

இந்தச் சித்திரத்தில் இறுக்கம் எங்கிருந்து வந்தது? பிரமிடு இழைகள் அறுந்ததாலேயே வந்தது என்றால், அவற்றை மட்டும் துண்டித்தால் இறுக்கம் தோன்ற வேண்டும். 1940-இல் சாரா டவர் குரங்குகளின் பிரமிடுகளைத் துண்டித்தபோது தசைத் தொனி குறையவே செய்தது. 1968-இல் லாரன்சும் கைப்பர்சும் இருபுறப் பிரமிடுகளையும் வெட்டியபின் குரங்குகள் ஓடின, ஏறின. ஆனால் குழியிலிருந்து ஒரு துண்டு உணவைத் தனிவிரலால் எடுக்கும் திறன் போயிற்று. அங்கு இழந்தது விரல்களின் தனித்துவம்; கிடைத்தது இறுக்கம் அல்ல. மனிதரிடத்தும் இதற்கு நெருங்கிய சான்று உண்டு. 1964-இல் பால் பியூசியும் உடன்பணியாளரும், கட்டுக்கடங்காத ஒருபக்க வீச்சசைவுக்காக மூளைத்தண்டின் காலடிப் பகுதியை வெட்டிய நோயாளியைப் பதிவு செய்தனர். அவருக்கு இறுக்கம் நிலைத்து நிற்கவில்லை. இயக்கமும் வியக்கத்தக்க அளவு திரும்பியது. அவருடைய பிரமிடில் சுமார் 17 விழுக்காடு இழைகள் பிழைத்திருந்ததால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. குரங்குச் சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது மட்டுமே அதற்கு எடை கூடுகிறது.

மறுபக்கத்தில், 1946-இல் மகூனும் ரைன்சும் முகுளத்தின் வலைப்பின்னல் பகுதியில் ஒரு இடத்தைத் தூண்டினால் தசை நீட்சி அனிச்சைகள் அடங்குவதைக் கண்டனர். இப்பகுதி தானாக இயங்குவதில்லை. முன்னியக்கப் புறணியின் தூண்டல் அதற்கு வேண்டும். பாலத்தின் வலைப்பின்னலிலிருந்தும் சமநிலைக் கருக்களிலிருந்தும் இறங்கும் தூண்டுப் பாதைகளுக்கோ அவ்வாறான மேற்சார்பு இல்லை. உட்கூட்டிலோ பரந்த புறணியிலோ ஏற்படும் காயம், தண்டுவடத்துக்குச் செல்லும் கட்டளையையும் வலைப்பின்னலுக்குச் செல்லும் தூண்டலையும் சேர்த்தே அறுக்கிறது. கட்டளை அறுந்ததால் விரல் அசையாது. அடக்கும் பாதை ஓய்ந்ததால் தூண்டும் பாதைகள் தனியாட்சி நடத்துகின்றன. இரண்டும் ஒரே நோயாளியில் சேர்ந்தே தோன்றுவதால் அவை ஒன்றே என்று நாம் நம்பிவிட்டோம்.

இதற்கு முதல் எதிர்ப்பு காலத்தைப் பற்றியது. அடக்கும் பாதை ஓய்வதுதான் காரணம் என்றால் இறுக்கம் அன்றே வர வேண்டாமா? ஷெரிங்டன் 1898-இல் பூனையின் நடுமூளையைத் துண்டித்தபோது விறைப்பு உடனே வந்தது. பக்கவாதத்திலோ அது நாட்களும் வாரங்களும் எடுக்கிறது. இந்த எதிர்ப்பு சரியானது. எனவே எளிய விடுவிப்புக் கொள்கை மட்டும் போதாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தாமதத்துக்குக் காரணமான மாற்றங்கள் தண்டுவடத்திலேயே நிகழ்கின்றன. இழந்த உள்ளீட்டுக்கு ஈடாக இயக்க நரம்பணுக்கள் மேலும் எளிதில் கிளர்பவையாகின்றன. எஞ்சிய பாதைகள் வெற்றிடத்தை நிரப்புகின்றன. 2012-இல் ஸ்டூவர்ட் பேக்கர் குழுவினர், பிரமிடுப் பாதை பழுதான குரங்குகளில் வலைப்பின்னல் பாதையின் தொடர்பு கையை மடக்கும் தசைகளுக்கு வலுப்பெறுவதையும், நீட்டும் தசைகளுக்கு அவ்வாறு வலுப்பெறாததையும் காட்டினர். பக்கவாதக் கை ஏன் மடங்கியே நிற்கிறது என்பதற்கும், நோயாளி விரலை மூட முடிந்தாலும் திறக்க முடியாமல் தவிப்பதற்கும் இது நல்ல விளக்கம்.

இரண்டாவது எதிர்ப்பு: வலைப்பின்னல் பாதைகள் இருபுறத்துக்கும் செல்பவை, ஆகவே இறுக்கமும் இருபுறமும் தோன்ற வேண்டும். இருபுறத்தன்மை உண்மையே, ஒரு பக்கத்து அடைப்புக்குப் பின் நல்ல பக்கத்துக் கையிலும் சிறிய வலுக்குறைவு அளக்கப்பட்டிருப்பதும் அதோடு பொருந்துகிறது. ஆனால் உள்ளீட்டை இழந்து வெற்றிடமாகும் நரம்பணுக்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்குதான் மறுசீரமைப்பும் நிகழ்கிறது; இறுக்கமும் அங்கேயே திரள்கிறது. மூன்றாவதாக, முகுளப் பிரமிடில் மட்டும் அடைப்பு வந்தவர்களிலும் சிலர் இறுகினர் என்று பதிவுகள் உள்ளன. அந்த இடத்துத் தமனி பிரமிடுக்கு மட்டும் இரத்தம் தருவதில்லை. அருகிலுள்ள வலைப்பின்னலையும் காயம் தொடக்கூடும். எனவே அப்பதிவுகள் என் வாதத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றனவே அன்றி முறியடிக்கவில்லை.

இயக்கப் புறணியின் கைப்பகுதியில் ஒரு சிறு குமிழ் உண்டு. ஸ்கேன் படத்தில் கிரேக்க எழுத்தான ஒமேகா போலத் தெரியும் என்று 1997-இல் யூஸ்ரி குழுவினர் விவரித்தனர். அங்கு மட்டும் நேரும் சிறு அடைப்பு கையை மட்டும், சில சமயம் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும், தளரச் செய்யும். அது பார்வைக்கு அல்நார் நரம்புப் பழுதுபோலவே இருக்கும். தொழுநோய் பழகிய வட்டாரத்தில் இந்த மயக்கம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. நரம்பு நோயில் முழங்கைக்குப் பின் தடித்த நரம்பு விரலுக்குத் தட்டுப்படும்; அது பரவும் தோலில் உணர்வு குறையும்; நாளடைவில் தசை தேயும். புறணி அடைப்பில் பலவீனம் திடீரென்று தொடங்கும், நரம்பு தடிக்காது, உணர்வு பெரும்பாலும் தப்பும். இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலானோர் நன்கு மீள்கின்றனர். கடும் இறுக்கம் அவர்களிடம் அரிது. முன்னியக்கப் பகுதி தப்பியிருப்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்தப் பிரிவினை படுக்கையருகில் எப்படிப் பயன்படும்? கையை மெதுவாக நீட்டிப் பார்க்க வேண்டும்; பிறகு வேகமாக நீட்ட வேண்டும். வேகமாக நீட்டும்போது மட்டும் ஒரு இடத்தில் பிடித்து நின்று விடுபட்டால் அது அனிச்சை இறுக்கம். 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் தந்த வரையறை இந்த வேகத்தையே மையமாகக் கொண்டது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் தடுத்தால் தசையும் மூட்டும் சுருங்கிவிட்டன. அதற்கு மருந்து உதவாது, நீட்சிப் பயிற்சியும் தாங்குபலகையும் தேவை. போட்டுலினம் ஊசியோ பேக்லோஃபெனோ அனிச்சை இறுக்கத்தைத் தளர்த்தும். உள்ளங்கையைக் கழுவவும் நகத்தை வெட்டவும் வழி செய்யும். ஆனால் அறுந்த பாதையை அவை தருவதில்லை; விரலின் தனி அசைவும் அவற்றால் திரும்புவதில்லை. இதை நோயாளியின் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கை தளர்ந்ததும் வேலையும் திரும்பிவிடும் என்று நம்பி ஏமாறுவார்கள். ஆகவே நம் மருத்துவமனைக் குறிப்பேடுகளில் பலவீனத்தையும் இறுக்கத்தையும் ஒரே வரியில் எழுதும் வழக்கத்தை மாற்றி, தனித்தனியே அளந்து எழுத வேண்டும் என்று மருத்துவர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.