பிடித்தம்

‘பிடி’ என்ற வினையடியாகப் பிறந்த பெயர் இது. சம்பளப் பட்டியலில் இதைக் ‘குறைப்பு’ என்று மட்டும் கொள்வது பொருந்தாது. திருநெல்வேலி பேட்டையில் 20 பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 12,500 ரூபாய், ஓவர்டைம் 1,200. பி.எஃப். பிடித்தம் அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,500. ஓவர்டைம் இந்தக் கணக்கில் சேராது. பி.எஃப். மட்டும் கழித்தால் கைக்கு வருவது 12,200. மொத்தம் 13,700க்கும் 12 சதவீதம் போட்டு 1,644 பிடித்திருந்தால் பட்டியல் தவறு.

கைக்கு வராத பணம் வெட்டுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த 1,500 தொழிலாளியின் பெயரிலேயே வட்டியோடு சேர்கிறது. முதலாளியும் தன் பங்கைத் தனியே கட்டுகிறார். பிடித்த பணத்தை முதலாளி கட்டாமல் விட்டால்தான் அது வெட்டு. பாஸ்புக்கில் மாதாமாதம் வரவு ஏறியிருந்தால் அது பிடித்தம்.