நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்பதிவும்

கை கால் பலவீனத்துக்குக் காரணம் நரம்பா, தசையா என்று பிரித்தறிய உதவும் இரு மின்னியல் சோதனைகள் இவை. பெரும்பாலும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்யப்படுகின்றன.

நரம்புக் கடத்தல் சோதனையில் மணிக்கட்டில் நடு நரம்பின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரலின் அடிமேட்டுத் தசையில் எழும் மின்னலையைப் பதிவு செய்கிறார்கள். பிறகு முழங்கையில் அதே நரம்பைத் தூண்டுகிறார்கள். முதல் அலை 3.5 மில்லிவினாடியிலும் அடுத்தது 7.5 மில்லிவினாடியிலும் வந்து, இரு இடங்களுக்கும் இடையே 22 செ.மீ. தூரம் இருந்தால், வேகம் வினாடிக்கு 55 மீட்டர். கையில் ஏறத்தாழ 50 மீட்டருக்கு மேல் இருப்பது இயல்பு. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகம் வெகுவாகக் குறையும். இழைகளே அழிந்தால் அலையின் உயரம் குறையும். உணர்வு நரம்புகளையும் இவ்வாறே தனியாக அளக்கலாம். கை குளிர்ந்திருந்தாலும் வேகம் குறையும் என்பதால், தோலின் வெப்பநிலையைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

தசை மின்பதிவான இஎம்ஜியில் மெல்லிய ஊசி மின்முனை தசைக்குள் செலுத்தப்படுகிறது. ஓய்வில் இருக்கும் நல்ல தசையில், ஊசி அசையாதபோது பெரும்பாலும் மின்னமைதி இருக்கும். தசையைச் சுருக்கும்போது இயக்க அலகுகள், அதாவது ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை நார்களும், அலைகளாகத் தெரியும். நரம்பு நோயில் அலகுகளின் எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியவை வேகமாகத் துடிக்கின்றன. சில மாதங்களில் அவை அநாதையான நார்களையும் தத்தெடுப்பதால் அலைகள் உயர்ந்து அகலமாகின்றன. தசை நோயில் அலகுகளின் எண்ணிக்கை குறையாது. ஒவ்வொன்றிலும் நார்கள்தான் குறைகின்றன. அதனால் அலைகள் சிறுத்துக் குறுகும். லேசான முயற்சிக்கே ஏராளமான அலகுகள் வேலைக்கு வந்துவிடும்.

தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உணர்வு நரம்புகள் இயல்பாக உள்ளன. கை, பாதத் தசைகளில் பதிவான அலைகளும் இயல்பே. இதை வைத்து நோயில்லை என்று சொல்வது தவறு. பலவீனம் தொடையில் இருக்க, அளந்தது பாதத்தில். தொடைத் தசையில் ஊசியைச் செலுத்தியதும் ஓய்விலேயே நார்கள் தாமாகத் துடிப்பது தெரிகிறது. இத்துடிப்பு நரம்பறுந்த தசையிலும் அழற்சியுற்ற தசையிலும் வரும் என்பதால், அதை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. காலை மெல்ல நீட்டச் சொன்னதும் சிறிய, குறுகிய அலைகள் திரையை நிறைக்கின்றன. இரண்டும் சேர்ந்து தசை அழற்சியைச் சுட்டுகின்றன. உறுதிசெய்ய இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் அளவும், தேவைப்பட்டால் தசைத் துணுக்குச் சோதனையும் வேண்டும்.

உணர்வு நரம்புகள் இயல்பாக இருப்பதாலேயே நோய் தசையில்தான் என்று கொள்ள இயலாது. இயக்க நரம்பு செல்கள் மட்டும் அழியும் ஏஎல்எஸ் நோயிலும் அவை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அங்கே வேறுபாட்டைக் காட்டுவது ஊசிப் பதிவு. நரம்பு காயமடைந்தால், ஊசிப் பதிவில் ஓய்வு நிலைத் துடிப்பு தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் செய்த சோதனையில் அது தென்படாவிட்டால் மீண்டும் செய்ய வேண்டும்.