எக்ஸ்ரே வண்டிக்கு ஏன் ஆள் வரவில்லை?

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகள் ஊர் ஊராகப் போய் நின்றன. காசு கிடையாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் நிறையப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் தேடிக் கிளம்பியவர் காட்ஃப்ரி ஹாக்பாம். அரசின் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த சமூக உளவியலாளர்.

மூன்று நகரங்களில் 1200-க்கும் மேற்பட்டவர்களை அவர் விசாரித்தார். 'இந்த நோய் எனக்கும் வரலாம்', 'முன்னாடியே கண்டுபிடித்தால் பிரயோஜனம் உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் வெறும் 21 சதவீதம். இந்த இடைவெளியில் பிறந்ததுதான் 'ஹெல்த் பிலீஃப் மாடல்', அதாவது நலநம்பிக்கை மாதிரி. நோயின் கடுமை, வழியில் நிற்கும் தடைகள், செயலில் இறங்க வைக்கும் ஒரு தூண்டல் ஆகியவையும் அதில் சேர்ந்துகொண்டன.

இதை அப்படியே சிகரெட்டுக்குக் கொண்டுவந்தால் இடிக்கிறது. எக்ஸ்ரே ஒருநாள் வேலை. போனோமா, மூச்சைப் பிடித்தோமா, வந்தோமா என்று முடிந்துவிடும். புகையை விடுவது அப்படியா? காலை டீ, சாப்பாட்டுக்குப் பிறகு, நண்பன் நீட்டும்போது என்று ஒரே நாளில் பத்து தடவை விட வேண்டியிருக்கிறது. கெடுதல் என்று தெரிந்தவருக்கும் 'என்னால முடியாது' என்ற எண்ணம்தான் முட்டுக்கட்டை. 'என்னால் முடியும்' என்ற தன்னம்பிக்கையையும் மாதிரியில் சேர்க்க வேண்டும் என்று ரோசன்ஸ்டாக்கும் கூட்டாளிகளும் எழுதியது 1988-ல்தான். பயத்தை மட்டும் ஏற்றிவிட்டு வழியைக் காட்டாத விளம்பரம் ஏன் தோற்கிறது என்பதற்கு விடை இங்கேதான். பயந்தவர் சிகரெட்டை அணைப்பதில்லை, சேனலை மாற்றிவிடுகிறார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. புகைப்பவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகப் பார்ப்பது. 1983-ல் புரோச்சஸ்காவும் டிக்ளமெண்டேவும் சொந்த முயற்சியில் புகையை விட முனைந்த 872 பேரைப் பற்றி எழுதினார்கள். விடுவது ஒரு நொடியில் நடப்பதில்லை, படிப்படியாக நடக்கிறது என்றார்கள். விடும் நினைப்பே இல்லாதவர், ஆறு மாதத்துக்குள் விடலாமா என்று யோசிப்பவர், ஒரு மாதத்துக்குள் விடத் தயாராகிறவர், விட்டவர், விட்டதைக் காப்பாற்றுகிறவர். அமெரிக்காவில் 1995-ல் வெளியான கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் சுமார் 40 சதவீதம் முதல் படியிலும் 40 சதவீதம் இரண்டாவதிலும் இருந்தார்கள். அப்படியானால் 'நாளைக்கே சிகிச்சைக்கு வாருங்கள்' என்ற போஸ்டர் மீதி 20 சதவீதத்திடம்தான் பேசுகிறது.

இந்த இரண்டு கண்ணாடிகளையும் போட்டுக்கொண்டு பார்க்கத் தோதான விளம்பரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 மார்ச்சில் 12 வாரங்களுக்கு நடத்திய 'டிப்ஸ் ஃப்ரம் ஃபார்மர் ஸ்மோக்கர்ஸ்'. அதில் டெர்ரி ஹால் என்ற பெண் காலையில் எப்படிக் கிளம்புகிறார் என்று காட்டுகிறார். பல்செட், விக், தொண்டைத் துளையில் பேச்சுக் கருவி, அதை மறைக்க ஒரு ஸ்கார்ஃப். சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'சாவு எல்லாருக்கும்தானே' என்று தட்டிக்கழிப்பவரால் இந்தக் காலை வேளையைத் தட்டிக்கழிக்க முடியாது. கடுமை, 'எனக்கும் வரலாம்' இரண்டும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. முதல் படியில் நிற்பவரை அசைக்க இது போதும். ஆனால் திரையில் ஒரு இலவசத் தொலைபேசி எண்ணும் இருந்தது. அது தயாராக இருப்பவருக்கு. அந்த வாரங்களில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாக 16 லட்சம் பேர் விட முயன்றார்கள், குறைந்தது ஒரு லட்சம் பேர் நிரந்தரமாக விட்டிருப்பார்கள் என்பது மதிப்பீடு. முயன்றவருக்கும் விட்டவருக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள்.

படிநிலைகளை எல்லோரும் ஏற்கவில்லை. அது என்ன ஆறு மாதம், ஒரு மாதம் என்று கோடு போடுவது என 2005-ல் ராபர்ட் வெஸ்ட் சண்டைக்கே வந்தார். மறுவருடம் அவரும் சோஹாலும் இங்கிலாந்தில் விசாரித்ததில், கடைசி முயற்சியில் ஏறக்குறைய பாதிப் பேர் எந்தத் திட்டமும் இல்லாமல் அப்போதே விட்டிருந்தார்கள். அதைவிட ஆச்சரியம், திட்டமிட்டவர்களைவிட இவர்களுடைய முயற்சிதான் அதிகமாக ஆறு மாதம் தாண்டியது. எனக்கு வெஸ்ட் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆட்களைப் பிரித்துப் பார்க்கப் படிகள் உதவும், ஆனால் அவர் படிப்படியாக ஏறி வரட்டும் என்று காத்திருந்தால் திடீரென்று வரும் அந்த ஒரு நிமிடத்தைக் கோட்டை விட்டுவிடுவோம். எண் எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

நம்ம ஊர் சிகரெட் பெட்டியிலும் 2018 முதல் 1800-11-2356 என்ற எண் அச்சாகிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைப்பவர் கைக்குப் பெட்டி வருவதே இல்லை.