தீபாவளி ஸ்வீட்: அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கடைகள் 'ஆர்டர் க்ளோஸ்' என்று சொல்வது ஏன்?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். ஆபீஸ் டீமுக்கு 60 பாக்ஸ் பால் பர்ஃபி வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில். வழக்கமான கடைக்கு போன் போட்டால், "ஆர்டர் க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்று பதில் வருகிறது. ஆனால் அதே கடையின் கவுண்டரில் பர்ஃபி குவிந்து கிடக்கிறது, உள்ளே அடுப்பும் எரிகிறது. 'இருக்கிறதை வெச்சுக்கிட்டே இல்லைங்கறாங்களே' என்று கோபம் வருவது இயல்புதான்.

ஆனால் ஒழுங்காக நடக்கும் கடையில் அந்த பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் எதை, எப்போது ஆர்டர் செய்யலாம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு நாள் அளவை முடிவு செய்வது எது?

அடுப்பு என்றுதான் நினைப்போம். பர்ஃபியைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது இல்லை, தட்டுதான்.

கோவாவையும் சர்க்கரையையும் கிளறி இறக்கியதும் தட்டில் கொட்டிப் பரப்புவார்கள். அது ஆறி இறுகிய பிறகுதான் துண்டு போட முடியும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். இன்னொரு ஆளையும் இன்னொரு அடுப்பையும் சேர்த்தால் கிளறுவது வேகமாகும். ஆறுவது வேகமாகாது.

ஒரு நடுத்தரக் கடையைக் கற்பனை செய்து கணக்குப் போடுவோம். அங்கே 8 கிலோ பிடிக்கும் தட்டு 10 இருக்கிறது. ஒருமுறை ஊற்றினால் 80 கிலோ. ஆற 6 மணி நேரம் என்றால், காலையில் ஒருமுறை, இரவு ஒருமுறை என்று ஒரு நாளைக்கு 160 கிலோ. அடுப்பில் 200 கிலோ கிளற முடிந்தாலும் இதற்கு மேல் ஊற்ற இடமில்லை.

இதில் ஓரம் வெட்டியது, உடைந்தது என்று 10 கிலோ போகும். கவுண்டருக்கு நேரில் வருபவர்களுக்காக 50 கிலோ ஒதுக்க வேண்டும். மிச்சம் 100 கிலோ, அதாவது 200 அரைக்கிலோ பாக்ஸ். இதுதான் இந்தக் கடையின் அன்றைய ஆர்டர் வரம்பு. கவுண்டரில் நீங்கள் பார்க்கும் குவியல் இந்தக் கணக்கில் சேராது.

வரம்பை பாக்ஸில் அல்லது கிலோவில் வைப்பது முக்கியம். 'ஒரு நாளைக்கு 40 ஆர்டர்' என்று எண்ணிக்கையில் வைக்கும் கடைகள் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு பாக்ஸ் கேட்பதும் ஒரு ஆர்டர், ஒரு கம்பெனி 150 பாக்ஸ் கேட்பதும் ஒரு ஆர்டர்தானே!

கடைசி நேரம் எப்படி வருகிறது?

டெலிவரி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு உங்களுக்கு பாக்ஸ் வேண்டும். 200 பாக்ஸை எடை போட்டு, அடுக்கி, லேபிள் ஒட்ட இரண்டு பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, சனி காலை 6 மணிக்கே பேக்கிங் தொடங்கியாக வேண்டும். அதற்கு வெள்ளி காலை ஊற்றியது மாலைக்குள்ளும், இரவு ஊற்றியது விடியற்காலைக்குள்ளும் ஆறியிருக்க வேண்டும். அப்படியானால் கோவா வெள்ளி விடியற்காலையில் கடைக்கு வந்து சேர வேண்டும்.

ஒரு கிலோ கோவாவுக்கு சுமார் 4 முதல் 5 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். நினைத்த நேரத்தில் 'இன்னும் 30 கிலோ அனுப்புங்க' என்றால் சப்ளையரால் முடியாது. வியாழன் மாலை 6 மணிக்குள் அவருக்கு அளவு சொல்லியாக வேண்டும். அதனால் கடை வியாழன் மாலை 5 மணிக்கு ஆர்டரை மூடுகிறது. டெலிவரிக்கு 41 மணி நேரம் முன்பு!

சாதாரண நாளிலேயே இப்படி. பண்டிகை வாரத்தில் ஊரில் எல்லாக் கடைகளும் கோவா கேட்பதால், சப்ளையரும் அளவை முன்கூட்டியே கேட்பார். கடைசி நேரம் இன்னும் ஓரிரு நாள் முன்னே நகரும்.

முன்கூட்டியே செய்து வைத்தால் என்ன?

லட்டுவுக்கு முடியும், பால் ஸ்வீட்டுக்கு முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் வழிகாட்டுதல்படி, கலாகந்த் செய்த அன்றே சாப்பிட வேண்டியது. ரசகுல்லா, ரசமலாய் போன்றவற்றுக்கு 2 நாள். கோவாவில் செய்த பர்ஃபி, பேடாவுக்கு 4 நாள். கடலை மாவு லட்டுவுக்கு 30 நாள்.

பர்ஃபியின் 4 நாளில் வாங்குபவருக்கு 2 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் கடை கையில் வைத்திருக்கக் கூடியது இரண்டு நாள் சரக்குதான். நம் கணக்குக் கடையால் பண்டிகைக்கு முந்தைய நாள் அதிகபட்சம் 400 பாக்ஸ் தர முடியும். லட்டுவை ஒரு வாரம் முன்பிருந்தே சேர்த்து வைக்கலாம். லட்டு ஆர்டர் கடைசி வரை திறந்திருப்பதும், பால் ஸ்வீட் முதலில் மூடுவதும் இதனால்தான்.

வரம்பு மீறினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று மீறுவதில்லை. கவுண்டர் நோட்டில் 90 பாக்ஸ், வாட்ஸ்அப்பில் 100, முதலாளியின் போனில் 70 என்று தனித்தனியாக எழுதுவார்கள். 'இன்னும் 200 தாண்டல' என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ராத்திரி கூட்டினால் 260!

தட்டு போதாதபோது ஆறும் நேரம்தான் வெட்டுப்படும். சூடு தணியாத பர்ஃபியைத் துண்டு போட்டு பாக்ஸில் அடைப்பார்கள். உள்ளே ஆவி தங்கி ஈரமாகும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பாக்ஸைத் திறந்ததும் இதைக் கண்டுபிடிக்கலாம். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி இருக்கும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஓரங்கள் நேராக இல்லாமல் இழுபட்டிருக்கும். அப்படிப்பட்ட பாக்ஸை வைத்திருந்து ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஆர்டர் செய்யும்போது என்ன கேட்கணும்?

முதலில், உங்களுக்கு வேண்டிய ஸ்வீட்டுக்குக் கடைசி நேரம் எது என்று கேளுங்கள். கடைக்குப் பொதுவான நேரத்தைக் கேட்டால் லட்டுவுக்கான பதில் வரலாம். அடுத்து, எந்தத் தேதியில் செய்தது கிடைக்கும் என்று கேளுங்கள். 2020 அக்டோபர் 1 முதல், சில்லறையாக விற்கும் ஸ்வீட்டுக்கும் 'எந்தத் தேதிக்குள் சாப்பிடலாம்' என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டிருக்கிறது. எனவே இது தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விதான்.

மூன்றாவது, பெங்களூரிலோ டெல்லியிலோ இருப்பவர்களுக்கு. 'தீபாவளிக்கு வேணும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நமக்கு நரக சதுர்த்தசி காலை, அங்கே பலருக்கு லட்சுமி பூஜை மாலை. சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாளில் வரும். தேதியையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

நேரம் தாண்டிவிட்டதா? "எப்படியாவது பண்ணிக் கொடுங்கண்ணே" என்று கெஞ்சி வாங்கும் 60 பாக்ஸ், சரியாக ஆறாத தட்டிலிருந்துதான் வர வாய்ப்பு அதிகம். டீமுக்கு கடலை மாவு லட்டு என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள்.