ஷெங்கன் 90/180 விதி: தங்க அனுமதியுள்ள கடைசி நாளைக் கண்டறிதல்

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்லும் வெளிநாட்டவர், எந்த 180 நாள் காலப்பகுதியை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. ஒரு பயணத்தில் எந்தத் தேதி வரை சட்டப்படி தங்கலாம் என்று இந்த விதியை வைத்துக் கணக்கிடுவதே இங்கு விளக்கப்படுகிறது. இப்போது 29 நாடுகள் இந்தப் பகுதியில் உள்ளன. கணக்கில் அவை அனைத்தும் ஒரே நாடு. பாரிசில் 10 நாளும் ரோமில் 10 நாளும் இருந்தவர் 20 நாள் செலவழித்தவர். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராதவை.

2013 அக்டோபர் 18க்கு முன்பு விதி வேறாக இருந்தது. முதலில் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம், அதற்குள் மூன்று மாதம் என்று எண்ணினார்கள். தொடக்க நாள் நிலையாக இருந்ததால் ஒரு காலப்பகுதியின் கடைசி மூன்று மாதத்தையும் அடுத்ததன் முதல் மூன்று மாதத்தையும் ஒட்டித் தங்கிவிட முடிந்தது. புதிய விதி தொடக்கத்தை நிலையாக வைப்பதில்லை. தங்கும் ஒவ்வொரு நாளும் தனித்தனியே சோதிக்கப்படுகிறது: அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதற்குள் எத்தனை நாள் தங்கியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நாளை என்றால் காலப்பகுதியின் இரு முனைகளும் ஒரு நாள் முன்னே நகரும்.

எண்ணும் முறையில் இரண்டு செய்திகளைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும், இரவு 11.50க்கு எல்லைச் சோதனையைக் கடந்தாலும் அது ஒரு நாள்தான். அடுத்தது, சோதனை நாளையும் சேர்த்து 180 என்பதால், காலப்பகுதியின் முதல் நாளைப் பெற 179 நாளைத்தான் கழிக்க வேண்டும். 180ஐக் கழிப்பவர் கணக்கு ஒரு நாள் பிசகும். மாதங்களாக எண்ணுவதும் உதவாது. ஜனவரி 1ஐ 1 என்று வைத்து ஆண்டின் நாள் எண்ணைக் கொண்டு கழிப்பது கைக்கணக்குக்கு எளிது.

ஓர் எடுத்துக்காட்டு. பலமுறை நுழையும் விசா வைத்திருக்கும் ஒரு தாய், மியூனிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து போய்வருகிறார். 2025 ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை ஒரு பயணம், 30 நாள். மார்ச் 15 முதல் ஏப்ரல் 13 வரை இன்னொன்று, அதுவும் 30 நாள். ஜூனில் மறுபடி போகிறார்.

ஜூன் 8 அன்று நுழைகிறார் என்று கொள்வோம். அன்றைய காலப்பகுதிக்குள் முந்தைய 60 நாளும் இருக்கின்றன, மிச்சம் 30. நுழையும் நாளையும் சேர்த்து எண்ணினால் ஜூலை 7 வருகிறது. அடுத்த நாளையும் பார்க்கலாம். ஜூலை 8 ஆண்டின் 189ஆம் நாள். 179 போக 10, அதாவது ஜனவரி 10. முதல் பயணத்தின் முதல் நாள் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஜூலை 8 அன்று கூட்டல் 91. கடைசி நாள் ஜூலை 7.

இப்போது ஒரே ஒரு நாள் தள்ளி, ஜூன் 9 அன்று நுழைகிறார். மிச்சம் அதே 30. எண்ணினால் ஜூலை 8. அடுத்த நாளான ஜூலை 9க்குக் காலப்பகுதி ஜனவரி 11இல் தொடங்குகிறது. ஜனவரி 10 வெளியே போய்விட்டது: ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் கழிகிறது, கூட்டல் 90இலேயே நிற்கிறது. மறுநாள் ஜனவரி 11 கழியும், அதற்கடுத்த நாள் ஜனவரி 12. பழைய பயணத்தின் 30 நாளும் இப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்து, பிப்ரவரி 8 கழிவது ஆகஸ்ட் 7 அன்று. ஆகஸ்ட் 8 அன்று கழிவதற்கு ஒன்றுமில்லை. கூட்டல் 91 ஆகிறது. கடைசி நாள் ஆகஸ்ட் 7. நுழைவு ஒரு நாள் தள்ளிப்போனதில், தங்கும் காலம் 30 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது.

விமான நிலையத்தில் சொல்லப்படும் "மிச்சம் இத்தனை நாள்" என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அது நுழையும் நாளின் நிலவரம். தங்கியிருக்கும்போதே பழைய நாட்கள் கழிந்தால் மிச்சம் வளரும். எனவே செய்ய வேண்டியது இது: மிச்ச நாளை எண்ணி ஒரு தற்காலிகக் கடைசி நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு மறுநாளைச் சோதிக்க வேண்டும். தற்காலிக நாளையே சோதித்து நிறுத்திக்கொண்டால் ஜூன் 9 கணக்கில் ஜூலை 8 என்றே விடை வரும். அடுத்து வரும் 30 நாளும் கண்ணில் படாமல் போகும். மறுநாள் கூட்டல் 90ஐத் தாண்டாவிட்டால் இன்னும் முன்னே போகலாம். 91 வந்த இடத்தில் அதற்கு முந்தைய நாளே விடை.

திரும்பும் தேதி முன்பே முடிவாகியிருந்தால் வேலை இன்னும் குறைவு. தொடர்ந்து தங்கும்போது ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுகிறது; கழிவது ஒன்றோ பூஜ்யமோதான். கூட்டல் ஒருபோதும் இறங்காது. ஆகவே திரும்பும் நாளில் கூட்டல் 90க்குள் இருந்தால் அந்தப் பயணத்தின் எல்லா நாளும் சரியானவையே. அந்த ஒரு நாளைச் சோதித்தால் போதும். இதே காரணத்தால், எல்லை மீறியவர் உள்ளேயே காத்திருந்து கணக்கைச் சரிசெய்ய முடியாது. வெளியேறினால்தான் கூட்டல் இறங்கும். தொடர்ச்சியாக 90 நாள் வெளியே இருந்தவருக்குப் புதிதாக முழு 90 நாளும் கிடைக்கும்.

இப்படிக் கிடைக்கும் தேதி விசாவை மீறி நிற்காது. விசா ஒட்டியில் தங்கும் நாட்களின் எண்ணிக்கையும், விசா செல்லும் கடைசித் தேதியும் தனித்தனியே அச்சாகியிருக்கும். மூன்றில் எது முதலில் முடிகிறதோ அதுவே எல்லை. ஒருமுறை நுழையும் விசாவில் 15 நாள் என்று இருந்தால் 15தான். உருளும் கணக்கு பெரிதும் தேவைப்படுவது நீண்ட கால, பலமுறை நுழையும் விசாவில். முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு விசாவும் அதன்பின் ஐந்து ஆண்டு விசாவும் தரும் ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்தது. அத்தகைய விசாவிலும் 90/180 விதி அப்படியே பொருந்தும். ஓர் உறுப்பு நாடு வழங்கிய வசிப்பு அனுமதியிலோ நீண்ட காலத் தேசிய விசாவிலோ அந்நாட்டில் இருந்த நாட்கள் இதில் சேராது.

தவறு பெரும்பாலும் தேதி எடுக்கும் இடத்தில் நேர்கிறது. கணக்குக்குரியது எல்லைச் சோதனையைக் கடந்த தேதி. டிக்கெட்டில் உள்ள தேதி ஆகாது. சென்னையில் 8ஆம் தேதி இரவு ஏறி 9ஆம் தேதி காலை பிராங்பர்ட்டில் சோதனையைக் கடந்தவருக்கு நுழைவு 9. நள்ளிரவு 1 மணி விமானத்துக்கு 11 மணிக்கே சோதனையைக் கடந்தவருக்கு வெளியேற்றம் முந்தைய நாள். பன்னாட்டு இடைநிறுத்தப் பகுதியை விட்டு வெளியே வராமல் விமானம் மாறியவர் நுழைந்தவரே ஆகார். பாஸ்போர்ட் முத்திரைகள் மங்கியும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழுவதால் போர்டிங் பாஸ்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு–வெளியேற்றப் பதிவு, முத்திரைக்குப் பதிலாகத் தேதிகளைக் கணினியில் ஏற்றி, கூடுதலாகத் தங்கியவர்களைத் தானே அடையாளம் காட்டுகிறது.